கம்பார்ட்மெண்ட் கணிதம்: விடைத்தாள் நகலிலிருந்து ஏழு நாள் திட்டம்

என் மகன் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 80-க்கு 21 வாங்கியிருக்கிறான். விடைத்தாள் நகல் வந்துவிட்டது. தேர்வுக்கு ஒரு வாரமே இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? (ஒரு தாய், மயூர் விஹார்)

அம்மா, நீங்கள் அனுப்பிய நகலை வினாத்தாளோடும் வாரியத்தின் மார்க்கிங் ஸ்கீமோடும் சேர்த்து வைத்துப் படித்தேன். அவன் இழந்த 59 மதிப்பெண்ணைப் பாடவாரியாகப் பிரிக்காமல், இழந்த விதத்தை வைத்துப் பிரித்தேன். தொடாமலே விட்டவை 22, பாதியில் நின்றவை 16, முழுதும் செய்து வழுக்கியவை 9, ஒரு மதிப்பெண் வினாக்களில் போனவை 12. முதல் நாளை இந்தக் கணக்கெடுப்புக்கே கொடுங்கள். அவனே தன் கையால் ஒவ்வொரு வினாவுக்கும் எதிரில், எந்த வரியில் நின்றான் என்று எழுதட்டும்.

ஒரு வாரத்தில் மீட்க எளிதானவை பாதியில் நின்ற 16 தான். நீள்வட்டம் x²/16 + y²/9 = 1 அடைக்கும் பரப்பைக் கேட்ட 5 மதிப்பெண் வினாவில், அவன் படம் வரைந்து, கால்பகுதியை நான்கால் பெருக்க வேண்டும் என்பதையும் சரியாக எழுதி, 3∫√(16−x²) dx என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டான். √(5−4x−x²) இன் தொகையீட்டைக் கேட்ட 3 மதிப்பெண் வினாவிலும், அதை √(9−(x+2)²) என்று வர்க்கமாக மாற்றிய பிறகே நின்றிருக்கிறான். முதலாவதில் 3, இரண்டாவதில் 2 என ஐந்து மதிப்பெண் போனதற்குக் காரணம் ஒரே வாய்பாடு:

∫√(a²−x²) dx = (x/2)√(a²−x²) + (a²/2) sin⁻¹(x/a) + C

இதில் a = 4 என வைத்து, 0 முதல் 4 வரை எல்லைகளை இட்டால் 4π வரும்; மூன்றால் பெருக்க, பரப்பு 12π. கால்குலஸே வராது என்று அவன் உங்களிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவன் விடைத்தாளைப் படித்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வழுக்கிய 9-இல் பெரும்பகுதி மேட்ரிக்ஸ் கணக்கில் போயிருக்கிறது. கோஃபாக்டர்களின் குறியை மாற்ற மறந்ததால் இன்வெர்ஸும், அதன் பின் வந்த எல்லாமும் தவறின. இதைத் தேர்வறையிலேயே கண்டுபிடிக்கலாம்: ஒரு வரிசையின் உறுப்புகளை இன்னொரு வரிசையின் கோஃபாக்டர்களால் பெருக்கிக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வரவில்லையென்றால், மேலே செல்லாமல் குறிகளைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

கால்குலஸுக்கு மட்டும் 35 மதிப்பெண் இருக்கிறதே, வாரம் முழுவதையும் அதற்கே கொடுக்கலாமா? (மாணவி, முனிர்கா)

வேண்டாம் அம்மா. அந்த 35 மதிப்பெண், தொடர்ச்சித் தன்மையிலிருந்து டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் வரை ஐந்து அத்தியாயங்களில் பரவிக் கிடக்கிறது. ஒரு வாரத்தில் அனைத்தையும் தொட்டால் எதுவும் கையில் நிற்காது. இரண்டாம் நாள் மேட்ரிக்ஸ், டிட்டர்மினன்ட் (10 மதிப்பெண்), மூன்றாம் நாள் வெக்டரும் முப்பரிமாண வடிவியலும் (14), நான்காம் நாள் லீனியர் புரோகிராமிங் (5), நிகழ்தகவு (8) என்று வையுங்கள். ஐந்தாம் நாள் முழுவதும் கால்குலஸ்; ஆனால் உங்கள் விடைத்தாளில் பாதியில் நின்ற வினாக்களும் அவற்றைப் போன்ற மூன்று மூன்று கணக்குகளும் மட்டும். வெக்டரும் நிகழ்தகவும் ஏற்கெனவே உங்களுக்கு மதிப்பெண் தந்திருந்தால், அந்த நாளைக் கால்குலஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். அதை முடிவுசெய்வது உங்கள் விடைத்தாள்தான்.

விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கும் தேதி தவறிவிட்டது. (மாணவர், கரோல் பாக்)

வினாத்தாள் இருக்கிறதல்லவா? புத்தகத்தை மூடி வைத்து, அதையே மூன்று மணி நேரம் மறுபடி எழுதி, மார்க்கிங் ஸ்கீமை வைத்து ஓர் ஆசிரியரைத் திருத்தச் சொல்லுங்கள். தேர்வறையின் பதற்றத்தில் செய்த பிழைகள் இதில் தெரியாமல் போகலாம். எந்த வரியில் நிற்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

ஒரு மதிப்பெண் வினாக்களில் தெரியாதவற்றை விட்டுவிடலாமா? (அதே மாணவர்)

விடக் கூடாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. இருபது வினாக்களில் ஒன்றுகூட வெறுமையாக இருக்கக் கூடாது.

முழு மாதிரித் தேர்வை எப்போது எழுதுவது? (ஒரு தந்தை, ராமகிருஷ்ணபுரம்)

ஆறாம் நாள் காலை பத்தரை மணிக்கு, முன்பு எழுதாத ஒரு வினாத்தாளை எழுதட்டும். ஏழாம் நாளில் எழுதினால், புதிதாகத் தெரியவரும் பிழையைச் சரிசெய்ய நேரம் இருக்காது. மாலையில் திருத்திய பிறகு, முதல் நாளில் செய்தது போலவே நான்கு வகையாகப் பிரித்துப் பாருங்கள். தொடாமல் விட்டவை குறைந்து வழுக்கியவை கூடியிருந்தால் கவலைப்பட வேண்டாம். முன்பு தொடாதவற்றை இப்போது முயல்கிறான் என்று பொருள். பாதியில் நின்றவை குறையவில்லையென்றால், அவன் விடைகளைப் படித்திருக்கிறானே தவிர எழுதிப் பார்க்கவில்லை. ஏழாம் நாள் அந்த வினாக்களை மட்டும், விடையைப் பார்க்காமல், கடைசி வரி வரை எழுத வையுங்கள்.