சர்க்கரைத் தண்ணி கொடுத்தும் மறுபடி ஏன் உளறினார்?

"அப்பாவுக்கு 66 வயசு. காசிமேட்டுல மீன் ஏல வேலை. விடியக்காலை 4 மணிக்கு சுகர் மாத்திரை போட்டு, ஒரு டீ குடிச்சிட்டுப் போயிடுவார். நாஷ்டா 9 மணிக்குத்தான். போன வாரம் 7.30 மணிக்கு வேர்த்துக் கொட்டி, உளற ஆரம்பிச்சிட்டார். மீட்டர்ல 48. சர்க்கரைத் தண்ணி கொடுத்தோம், அரை மணி நேரம் கழிச்சுத்தான் தெளிஞ்சார். 11 மணிக்கு மறுபடியும் அதே மாதிரி. ஏன்? கையில என்ன வச்சிருக்கணும்? மாத்திரை அட்டையில கிளிமிபிரைடு 2, மெட்பார்மின், வோக்லிபோஸ்னு போட்டிருக்கு. கொஞ்ச நாளா காலும் வீங்குது."
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில் அந்த அட்டையிலேயே இருக்கிறது. கிளிமிபிரைடு கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அதனால்தான் அதை அன்றைய முதல் சாப்பாட்டோடு போடச் சொல்கிறோம். அப்பாவுக்கு மாத்திரைக்கும் நாஷ்டாவுக்கும் நடுவே ஐந்து மணி நேரம், அதிலும் கூடை தூக்கும் வேலை.

இதன் வேலை ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நீடிக்கும். நீங்கள் கொடுத்த சர்க்கரையோ ஒரு மணி நேரத்தில் செலவாகிவிடும். மாத்திரை மட்டும் உள்ளே வேலை செய்துகொண்டே இருந்ததால் 11 மணிக்கு மறுபடி இறங்கியது. சிறுநீரகம் சுணங்கினால் மருந்து உடம்பில் இன்னும் அதிக நேரம் தங்கும். கால் வீக்கத்தைக் கடைசி வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையை இந்த வாரமே எடுங்கள். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறாரா என்றும் கேளுங்கள், வலி மாத்திரைகளும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

முதல் தடவை தெளிய அரை மணி நேரம் ஆனதற்குக் காரணம் வோக்லிபோஸாக இருக்கலாம். வீட்டுச் சர்க்கரை குடலில் உடைந்து குளுக்கோஸாக மாறுவதை இந்த மருந்து தாமதப்படுத்தும். எனவே இவருக்குத் தேவை குளுக்கோஸ் பொடி. அதை உடைக்க வேண்டியதில்லை. அது கிடைக்காத நேரத்தில் சர்க்கரையையே கொடுங்கள், சும்மா இருக்க வேண்டாம். சாக்லேட், பிஸ்கெட், பால் எல்லாம் மெதுவாக ஏறுபவை. முதல் உதவிக்கு ஆகாது.

70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அரை டம்ளர் தண்ணீரில். 100 கிராம் பொடியை ஆறு சம பொட்டலமாகக் கட்டினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு வேளைக்குச் சரியாக வரும். கடற்காற்றில் கட்டிப்படாமல் இருக்க பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு சட்டைப்பையில், ஒன்று ஏலக்கூடத்தில் கூட இருப்பவரிடம். கொடுத்து 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு பொட்டலம். 70 தாண்டியதும் இட்லியோ சோறோ சாப்பிட வையுங்கள். அன்று இந்தப் படியைத்தான் விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். மறுபடி பார்ப்பதற்கு முன் விரலைக் கழுவுங்கள். விரலில் சர்க்கரை ஒட்டியிருந்தால் மீட்டர் பொய்யாக அதிகம் காட்டும். மீட்டர் பக்கத்தில் இல்லையென்றால் அதைத் தேடி ஓடாதீர்கள், முதலில் குளுக்கோஸ்.

அறிகுறிகளில் கை நடுக்கம், படபடப்பு, பசி முதலில் வரும். பிறகு மூளைக்குச் சர்க்கரை போதாமல் எரிச்சல், தடுமாற்றம், குழறிய பேச்சு. துறைமுகத்தில் இதைப் பார்ப்பவர்கள் "பெருசு காலையிலேயே தண்ணி போட்டுட்டாரு" என்று விலகிப் போய்விடுவார்கள். கூட வேலை செய்யும் இரண்டு பேருக்காவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் மாதிரி மாத்திரை போடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மிஞ்சும்.

விழுங்க முடியாத நிலையில், நினைவில்லாமல் கிடந்தால், வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே முதலுதவிதான், நேரம்தான் வேறு. கலவை இன்சுலினைக் காலையில் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் அதற்கு முன்பே இறங்கும். இரவு ஊசி நள்ளிரவுக்குப் பிறகு இறக்கலாம்: நனைந்த தலையணை, கெட்ட கனவு, காலையில் தலைவலி.

ஆனால் மாத்திரையால் இப்படி இறங்கினால், தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே விட்டுவிடக் கூடாது. அன்றே ஸ்டான்லி மாதிரி 24 மணி நேர அவசரப் பிரிவுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளுக்கோஸ் ஏற்றி ஒரு நாளாவது வைத்துப் பார்ப்பார்கள். போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். இனி டாக்டரைப் பார்க்காமல் அடுத்த வேளை கிளிமிபிரைடைப் போட வேண்டாம். அவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: 48 வந்தது, திரும்ப வந்தது, நாஷ்டா 9 மணிக்கு. அளவைக் குறைப்பாரோ, வேறு மருந்துக்கு மாற்றுவாரோ, அவர் முடிவு செய்வார். அதே மாத்திரையைத் தொடரச் சொன்னால், அது போக வேண்டிய இடம் அப்பாவின் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில். விடியக்காலை டீயோடு அல்ல.