எதிராளிக்கு ஒரு திருப்பம் மிச்சம் இருக்கிறதா?

“ஐயா, என் மகனுக்கு 17 வயது, படிவம் ஐந்து. ஃபுட்சால் திடலில் பக்கத்துத் தாமான் பையனோடு ராப் போட்டி வைத்தார்கள். இவன் ஜெயித்தான், சிரித்துக்கொண்டேதான் பிரிந்தார்கள். மறுவாரம் அந்தப் பையன் டிக்டாக்கில் ஒரு டிஸ் பாட்டுப் போட்டிருக்கிறான். என் வீட்டுக்காரரைச் சம்சு குடிகாரன் என்கிறான், சாதிப் பேர் சொல்கிறான், மகள் படிக்கும் பள்ளியின் பேரையும் அவள் படத்தையும் போட்டிருக்கிறான். இப்போது இவன் ராத்திரியெல்லாம் பதில் எழுதுகிறான். கேட்டால் ‘இது கேம்மா’ என்கிறான். தடுக்கவா, விடவா? திடலில் இருவரும் பாடியதை எழுதி அனுப்பியிருக்கிறேன்.”
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

வணக்கம் தங்கச்சி. திடலில் பாடியதை எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. நீங்கள் கேட்டதற்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. முதலில் அந்தப் பையன் பாடிய இரண்டு வரி:

ரெண்டு பேரு ஏறினா திக்குது உன் பைக்கு
மேடை மேல ஏறினா நடுங்குது உன் மைக்கு

உங்கள் மகன் திருப்பியது:

திக்கித் திக்கிப் போனாலும் சொந்தக் காசு பைக்கு
தவணை கட்டாத உன்னைத்தான் தேடுறான் பேங்க்கு
கை நடுங்கினாலும் விடல, என்கிட்டதான் மைக்கு
கத்திக் கத்திப் பாத்தியே, விழுந்துச்சா ஒரு லைக்கு?

இதில் உங்கள் மகன் எதையும் மறுக்கவில்லை. பைக் திக்குகிறது, ஆமாம். கை நடுங்குகிறது, அதுவும் ஆமாம். குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு அதன் முனையை மட்டும் எதிராளி பக்கம் திருப்பியிருக்கிறான். ராப்காரர்கள் இதை ‘ஃபிளிப்’ என்பார்கள். ‘இல்லை, என் பைக் நல்ல பைக்’ என்று ஆரம்பித்திருந்தால் தோற்றிருப்பான், ஏனென்றால் கூட்டம் அந்தப் பைக்கைப் பார்த்திருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். எதிராளி விட்டுப்போன அதே ஓசையில்தான் பதிலைக் கட்டியிருக்கிறான்: பைக்கு, மைக்கு, லைக்கு. (பேங்க்கு கொஞ்சம் இடிக்கிறது, போகட்டும்.) தமிழில் வரிக்கடைசி ஓசை சுலபமாக அகப்படும். வந்தான், போனான், தின்னான் என்று வினைமுற்றை அடுக்கினாலே இயைபு வந்துவிடும், அதனால் அதற்கு நடுவர்கள் மார்க் போடுவதில்லை. எதிராளியின் சொல்லையும் ஓசையையும் பிடித்துத் திருப்பினால்தான் இது வீட்டில் மனப்பாடம் செய்து வந்ததல்ல என்று கூட்டத்துக்குத் தெரியும். நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பீட்டில் நாலு வரி என்பது சுமார் 11 விநாடி. அதற்குள் முடிவில் வர வேண்டிய அடியை, இங்கே ‘லைக்கு’, முதலில் பிடித்துக்கொண்டு அதை நோக்கிப் பின்னாலிருந்து முன்னால் கட்டிக்கொண்டு வர வேண்டும். அந்த அவசரத்தில் கைக்கு அகப்படுவது பைக், சட்டை, மைக், போன வாரத் தோல்வி, அவ்வளவுதான். யாருடைய குடும்பத்தையும் தோண்ட நேரம் கிடையாது.

தஞ்சாவூர்ப் பக்கம் லாவணி பாடுகிறவர்கள் ‘மன்மதன் எரிந்தான்’, ‘எரியவில்லை’ என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து விடிய விடிய ஒருவரை ஒருவர் வாருவார்கள். அங்கேயும் எதிர்க்கட்சி போட்ட கேள்வியை அவிழ்க்காமல் தன் வசையைத் தொடங்கினால் மதிப்பில்லை.

டிஸ் பாட்டு வேறு சரக்கு. எழுத ஒரு வாரம் இருக்கிறது, எதிரே முகம் இல்லை, ‘நேரம் முடிந்தது’ என்று சொல்ல ஆள் இல்லை. அதற்காக எல்லா டிஸ் பாட்டும் விஷம் என்று சொல்ல மாட்டேன். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: எதிராளிக்கு இதைத் திருப்ப வழி இருக்கிறதா? அந்தப் பையன் எறிந்த மூன்றையும் இதில் வைத்துப் பார்ப்போம்.

அப்பாவின் குடி அசிங்கமான அடி. ஆனாலும் திருப்பலாம். ‘ஆமாம், குடிச்சாரு’ என்று ஆரம்பித்து நல்ல நாலு வரி கட்ட முடியும். ஆனால் அது உங்கள் வீட்டுக்காரரின் கதை. அவரிடம் கேட்காமல் உங்கள் மகன் அதைத் தொடக்கூடாது. அவர் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான்.

சாதிப் பேருக்குத் திருப்பமே கிடையாது. ‘நான் அப்படியில்லை’ என்றால் அந்த ஏணியை ஒப்புக்கொண்டதாகிவிடும். ‘நீயும் அப்படித்தான்’ என்றால் ஏணியில் இவனும் ஏறிவிட்டான். எப்படிச் சொன்னாலும் அந்தப் பேரைச் சுமக்கிற, இந்தச் சண்டைக்கே சம்பந்தமில்லாத தாமான்காரர்கள் எல்லாரும் அடி வாங்குவார்கள். விளையாட்டு பகையாக மாறிய இடம் இதுதான். பதில் பாட்டில் அந்த வரியைத் தொடவே வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

மூன்றாவதை நான் வரி என்றே எடுத்துக்கொள்ளவில்லை. ஓசையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்: ஒரு பிள்ளையின் முகமும் அவள் தினமும் போகும் இடமும் மட்டும் மிஞ்சுகின்றன. 2024 மே மாதம் அமெரிக்க ராப்காரர் கென்ட்ரிக் லமார், கனடா ராப்காரர் டிரேக்கைத் தாக்கி வெளியிட்ட பாட்டின் அட்டையில் டிரேக்கின் டொரொன்டோ வீடு மேலிருந்து எடுத்த படமாக, குறிகள் குத்தப்பட்டு இருந்தது. சில நாளில் அந்த வீட்டு வாசலில் காவலாளி ஒருவர் சுடப்பட்டுக் காயமடைந்தார். இரண்டுக்கும் முடிச்சுப் போட ஆதாரம் வரவில்லை. ஆனால் இடத்தைக் காட்டிய பிறகு யார் வருவார்கள் என்பது பாடியவன் கையில் இல்லை. அவர்களுக்காவது காவலாளி இருந்தார்.

அதனால் இதை ராப்பிலிருந்து பிரித்துவிடுங்கள். பதிவை, தேதியும் கணக்குப் பேரும் தெரிகிற மாதிரி, கைப்பேசியில் திரைப்பதிவு செய்து வையுங்கள். பிறகு டிக்டாக்கில் புகார் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்; இதை முதலில் செய்தால் ஆதாரம் போய்விடும். அந்தப் பையனின் பெற்றோரைப் போய்ப் பாருங்கள். பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். படம் இறங்கவில்லை என்றால் பாலாய்க்குப் போய்ப் போலீஸ் ரிப்போர்ட். 2024 ஜூலையில் டிக்டாக் வசையைத் தொடர்ந்து நம் பெண் ஒருவர் உயிரை விட்டாரே, அந்த விவகாரத்தில் ஒருவருக்கு வெறும் 100 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். அந்தக் கொதிப்புக்குப் பிறகு தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு 2025 ஜூலையில் அமலுக்கு வந்தது. துன்புறுத்தும் நோக்கில் ஒருவரின் அடையாள விவரத்தைப் பரப்புவதும் இப்போது குற்றம்.

தாய் சொன்னால் ராப்காரன் கேட்பானா என்று யோசிக்கிறீர்களா? 2001 கடைசியில் அமெரிக்க ராப்காரர்கள் ஜே-சீயும் நாஸும் பாட்டுக்குப் பாட்டு மோதினார்கள். முதலில் யார் நன்றாக எழுதுகிறார் என்பதுதான் சண்டை. நாஸின் பதில் பலமாக விழுந்ததும் ஜே-சீ, நாஸுடைய குழந்தையின் தாயை இழுத்து ஒரு பாட்டு விட்டார். ஜே-சீயின் அம்மாவே ‘இது எல்லை மீறியது, மன்னிப்புக் கேள்’ என்றார். மகனும் வானொலியில் மன்னிப்புக் கேட்டார். 2005-இல் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள்.

மகனை எழுத விடுங்கள், தங்கச்சி. பதிவேற்றத்தை மட்டும் தடுங்கள். எழுதியதைத் திடலில், அதே கூட்டத்தின் முன்னால், முகம் பார்த்துப் பாடட்டும். ஆளுக்கு ஒரு நிமிடம், மூன்று சுற்று. சாதி, வீட்டுப் பெண்கள், இறந்தவர்கள், நோய் ஆகிய நாலும் கூடாது என்று முன்கூட்டியே பேசிவிட வேண்டும்; மீறினால் அந்தச் சுற்று எதிராளிக்கு. பீட்டை நிறுத்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும், ஏனென்றால் மைக்கைப் பிடுங்குவதைவிட பீட்டை நிறுத்துவது சுலபம். முதலில் பாடுகிறவனுக்குத் திருப்ப எதுவும் இருக்காது, அதனால் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும், கேட்கும் உரிமை உங்கள் மகனுக்கு வந்தால் இரண்டாவது இடத்தைக் கேட்கச் சொல்லுங்கள். பையனுக்குப் பதிலடிதான் வருகிறது.