ஓடைத் தண்ணீரை மேலேற்ற ராம் பம்ப்: 3 இன்ச் வாங்கலாமா?

கேள்வி: கொல்லிமலையில் எங்களுக்கு மிளகுத் தோட்டம் இருக்கிறது. கீழே ஓடை, மேலே 80 அடி உயரத்தில் தொட்டி. கரண்ட் கிடையாது. ஓடையோரமாக 120 அடி கீழே இறங்கினால் 10 அடி சரிவு கிடைக்கிறது. ஏப்ரலில் 20 லிட்டர் கேனை வைத்துப் பிடித்தேன், 20 நொடியில் நிரம்பியது. 3 இன்ச் ராம் பம்ப் போட்டால் நாளுக்கு 15,000 லிட்டர் ஏறும், எல்லாம் பி.வி.சி. பைப்பிலேயே செய்து தருகிறேன், 68,000 ரூபாய் என்கிறார் ஒரு டீலர். வாங்கலாமா?

பதில்: இந்தக் கொட்டேஷனை அப்படியே ஏற்காதீர்கள். கரண்ட் இல்லாமல், இறங்கி ஓடும் தண்ணீரின் சக்தியிலேயே வேலை செய்கிற ராம் பம்ப் உங்கள் இடத்துக்குப் பொருந்தும். டீலர் சொல்லும் 15,000 லிட்டர்தான் நடக்காது.

20 நொடிக்கு 20 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 60 லிட்டர். அந்தத் தண்ணீர் 10 அடி விழும்போது கிடைக்கும் சக்தியை வைத்துத்தான் அதில் ஒரு பங்கை 80 அடிக்கு ஏற்ற முடியும். 60-ஐ 10-ஆல் பெருக்கி 80-ஆல் வகுத்தால் ஏழரை லிட்டர். ஒரு சொட்டு சக்தி கூட வீணாகாத பம்ப் இருந்தாலும் நிமிடத்துக்கு அவ்வளவுதான், அதாவது நாளுக்கு 10,800 லிட்டர். அப்படிப்பட்ட பம்ப் உலகத்தில் இல்லை. நல்ல கம்பெனிப் பம்ப் இதில் 60 சதவீதம் தரும், பட்டறையில் செய்தது பாதி தரும். பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்: நிமிடத்துக்கு மூன்றே முக்கால் லிட்டர், இரவும் பகலும் ஓடினால் 5,400 லிட்டர். மிளகுக் கொடிக்கும் வீட்டுக்கும் இது போதுமா என்பதை முதலில் பாருங்கள்.

கோடையில் அளந்தது நல்ல காரியம். இனி உயரத்தையும் கண் மதிப்பில் விடாமல் கொத்தனாரின் டியூப் லெவலை வைத்துப் படிப்படியாக அளந்துவிடுங்கள். 80 அடியில் ஓரடி பிசகினால் பெரிய வித்தியாசம் இல்லை. 10 அடிச் சரிவில் ஓரடி குறைந்தால் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் போய்விடும்.

அடுத்தது 3 இன்ச் விஷயம். பெரிய பம்ப் என்றால் நிறையத் தண்ணீர் வரும் என்ற நினைப்பு இதில் செல்லாது. பம்புக்குத் தண்ணீரை இறக்கும் டிரைவ் பைப்பில் தண்ணீர் வேகம் பிடித்து ஓடி, அதை வெளியே விடும் வேஸ்ட் வால்வை இழுத்துப் படாரென்று மூடும்போது எழும் அடிதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த வேகம் வராவிட்டால் வால்வு மூடவே மூடாது. தண்ணீர் சும்மா வழிந்து போகும். 3 இன்ச் பைப்பின் வாய் 2 இன்ச்சைப் போல இரண்டே கால் மடங்கு. அதே வேகத்துக்கு அவ்வளவு அதிகத் தண்ணீர் வேண்டும். உங்கள் 60 லிட்டருக்கு 2 இன்ச் பம்ப் சரி. வேஸ்ட் வால்வின் எடையை அல்லது அசைவு தூரத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர் குறையும்போது அசைவைக் குறைத்தால் பம்ப் நிற்காமல் ஓடும், மழைக்காலத்தில் கூட்டிக்கொள்ளலாம்.

டிரைவ் பைப்பை இரும்பில் போடச் சொல்லுங்கள். பி.வி.சி. ஒவ்வொரு அடி விழும்போதும் லேசாக விரிந்து கொடுக்கும், அந்த விரிவில் அடியின் ஒரு பங்கு கரைந்துவிடும். நிமிடத்துக்கு ஐம்பது அறுபது அடி, நாளெல்லாம் விழுந்தால் ஒட்டிய ஜாயின்ட்டும் கொஞ்ச காலம்தான் தாங்கும். கெட்டிப் பி.வி.சி.யில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் ஏற்கனவே பாதிதான் ஏறும் இடத்தில் அதையும் இழப்பானேன்? 2 இன்ச் ஜி.ஐ. பைப், நீலப் பட்டை போட்ட 'பி' கிளாஸ் கேளுங்கள். ஒரு பைப் 6 மீட்டர், மூன்று போட்டால் 18 மீட்டர், ஏறக்குறைய 60 அடி. சரிவைப் போல நான்கிலிருந்து ஏழு மடங்கு நீளம் நல்லது என்பார்கள். உங்களுக்கு ஆறு மடங்கு வருகிறது. ஒரே சரிவாக, நேராக, நடுவில் மேடு இல்லாமல் வர வேண்டும். மேடு இருந்தால் அங்கே காற்று தங்கி அடியை மெத்தைபோல் வாங்கிக்கொள்ளும்.

மீதி 60 அடிக்கு என்ன செய்வது? 120 அடி முழுவதையும் டிரைவ் பைப்பாக்கினால் சரிவைப் போல 12 மடங்கு நீண்டு துடிப்பு மந்தமாகிவிடும். அதனால் ஓடையிலிருந்து 3 இன்ச் பி.வி.சி.யில் மட்டம் போகிறபடி 60 அடி கொண்டுவந்து, மேல் திறந்த 200 லிட்டர் டிரம்மில் விடுங்கள். பி.வி.சி.க்கு உரிய இடம் இதுதான், இங்கே அடி எதுவும் இல்லை. டிரம்மின் அடிப்பக்கத்திலிருந்து ஜி.ஐ. பைப் கிளம்பட்டும், அதன் வாய் எப்போதும் தண்ணீருக்குள் ஓரடியாவது மூழ்கியிருக்க வேண்டும். சுழல் விழுந்து காற்றை இழுத்தால் பம்ப் நின்றுவிடும். இலை அடைக்காமல் வலையும் கட்டாயம். 10 அடியை டிரம்மின் நீர்மட்டத்திலிருந்து பம்ப் வரை கணக்கிடுங்கள்.

மேலே போகும் டெலிவரி பைப்புக்கு 1 இன்ச், அதாவது வெளிவிட்டம் 32 மில்லி எச்.டி.பி.இ., 6 கிலோ பிரஷர் போதும். மூன்றே முக்கால் லிட்டருக்கு அதில் உராய்வு நஷ்டம் பொருட்டே இல்லை. டீலர் ஒன்றரை இன்ச் எழுதியிருந்தால் அது வீண் செலவு. ஆனால் பம்புக்குள் இருக்கும் டெலிவரி வால்வை இதே அளவுக்குச் சுருக்கக் கூடாது, அது 2 இன்ச்சாகவே இருக்கட்டும். டிரைவ் பைப்பின் கடைசியில் முழு வாய் திறக்கிற ஒரு 2 இன்ச் கேட் வால்வும், டெலிவரியில் ஒரு 1 இன்ச் வால்வும் வேண்டும். சிலர் பட்டறையில் வேஸ்ட் வால்வாக தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற, ஸ்பிரிங் போட்ட என்.ஆர்.வி.யை மாட்டுகிறார்கள். ஸ்பிரிங் அதை மூடியே வைத்திருக்கும், தானாகத் திறக்காது. அங்கே ஃபிளாப் வகையோ, எடை போட்டு இறங்கும் வகையோதான் வேண்டும்.

டெலிவரி வால்வுக்கு மேலே காற்று அடைபட்டிருக்கும் ஏர் சேம்பரைக் காட்டச் சொல்லி, டெலிவரி வால்வுக்குச் சற்றுக் கீழே ஒன்றரை, இரண்டு மில்லி அளவில் ஒரு சின்னத் துளை இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு துடிப்பிலும் அது கொஞ்சம் காற்றை உறிஞ்சும். துளை இல்லாவிட்டால் சேம்பரில் உள்ள காற்று தண்ணீரில் கரைந்து போய், சில வாரத்தில் 'டக் டக்' என்ற சத்தம் சுத்தியல் அடியாக மாறும், பைப் முழுக்க அதிரும். பிறகு முதலில் வெடிப்பது டெலிவரி ஜாயின்ட்தான்.

பணம் முழுவதையும் கொடுப்பதற்கு முன் மேலே தொட்டியில் 15 லிட்டர் வாளியை வைத்து நேரம் பாருங்கள். 4 நிமிடத்தில் நிரம்பினால் பம்ப் பாதித் திறனில் ஓடுகிறது. 6 நிமிடம் ஆனால் மூன்றில் ஒரு பங்குதான், வால்வைச் சரிசெய்யச் சொல்லலாம். "60 லிட்டர் வரத்து, 10 அடி சரிவு, 80 அடி ஏற்றம், நிமிடத்துக்கு இவ்வளவு" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சொன்னது ஏறாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனிலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் கேட்பதற்கு அந்த வரிதான் ஆதாரம்.

பம்பைக் கான்கிரீட் பீடத்தில் போல்ட் அடித்து இறுக்குங்கள், இரு பக்கமும் யூனியன் இருக்கட்டும். மழையில் ஓடை பெருகி வேஸ்ட் வால்வை மூழ்கடித்தால் சரிவு குறைந்து பம்ப் நின்றுவிடும், வெள்ளம் வரும் மாதத்தில் கழற்றி வைத்துவிடலாம். மறுபடி மாட்டியதும் வேஸ்ட் வால்வைக் கையால் இருபது முப்பது தடவை அழுத்தி விட்டால், டெலிவரியில் பிரஷர் ஏறித் தானே துடிக்க ஆரம்பிக்கும்.