கல்லாவில் நிற்கும் பிள்ளையிடம் சத்தம் போட்டால் பிளெண்டர் மாறாது

கேள்வி: டவுனில் ஒரு தவுக்கே கடையில் 169 வெள்ளிக்குப் பிளெண்டர் வாங்கினேன். பத்து நாளில் கருகல் வாடை வந்து நின்றுவிட்டது. கொண்டுபோய்ச் சத்தம் போட்டேன். 'விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்று சுவரில் ஒட்டியிருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் போனால் எப்படிப் பேசுவது?
- தோட்டத்து வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் அந்தச் சுவர் வாசகம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஒரு தாளை ஒட்டிக் கடைக்காரர் கழற்றிவிட முடியாது. நிறம் பிடிக்கவில்லை, வீட்டில் இன்னொன்று இருக்கிறது என்று திருப்பிக் கொண்டுபோனால்தான் அந்தத் தாள் செல்லும். பழுதான பொருளுக்குச் செல்லாது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறதே என்று அதையே வாசலில் நின்று சொல்ல வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். மின்விசிறி ஒன்று ஓடவில்லை என்று கல்லாவில் நின்ற பெண்ணிடம் கத்தினேன். அந்தப் பிள்ளை கண்கலங்கியதுதான் மிச்சம். முடிவெடுக்க வேண்டிய தவுக்கே அத்தனை நேரமும் பின்னால் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆகவே நேரம் பார்த்துப் போங்கள். சம்பள நாள் வேண்டாம், சாயங்காலக் கூட்டமும் வேண்டாம். மத்தியானம் மூன்று மணிக்குக் கடை ஓய்ந்திருக்கும். ரசீது, உத்தரவாத அட்டை, பெட்டி, பிளெண்டர் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஜாடியைக் கழுவித் துடைத்து வையுங்கள். காய்ந்த சட்னி ஒட்டியிருந்தால் 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும்.

'என்ன அரைத்தீர்கள்?' என்று நிச்சயம் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். கையேட்டில் தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்று போட்டிருக்கும். வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். தோசைமாவுக்கு அரைமணி நேரம் விடாமல் ஓட்டியிருந்தால் உங்கள் பக்கம் பலம் குறைவு. தேங்காய்ச் சட்னிதான் அரைத்தேன் என்றால் தயங்க வேண்டியதில்லை.

போனதும் தவுக்கே இருக்கிறாரா என்று விசாரியுங்கள். வந்ததும் நடந்ததை ஒரு வாக்கியம், வேண்டியதை ஒரு வாக்கியம், அவ்வளவுதான். "தவுக்கே, பிளெண்டர் நி பாரு செபுலோ ஹாரி, மோட்டோர் டா ஹாங்ஙுஸ். போலே தோலோங் பாய்க்கி அத்தாவ் துக்கார்?" தமிழ்க் கடையென்றால், "அண்ணே, வாங்கிப் பத்து நாள்தான் ஆகுது, மோட்டார் கருகிடுச்சி. சரி பண்ணிக் கொடுங்க, இல்லேன்னா மாத்திக் கொடுங்க." பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வருமுன் நாமே 'பரவாயில்லை, பாதிப் பணமாவது கொடுங்கள்' என்று இறங்கிப்போவதுதான் நம்மவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு.

எடுத்த எடுப்பில் பணத்தைக் கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. சரிசெய்ய முடிகிற பழுதென்றால், நியாயமான காலத்துக்குள் அதைச் சரிசெய்து தரச் சட்டம் கடைக்கு ஒரு வாய்ப்பு தருகிறது. அவர் பழுதுபார்க்கலாம், மாற்றித் தரலாம், பணத்தைத் திருப்பித் தரலாம். அந்த வாய்ப்பை நாமே கொடுத்துவிட்டால் அவருக்கும் முகம் போகாது. ஆனால் 'கம்பெனிக்கு நீங்களே அனுப்புங்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் காசு வாங்கியது கடைதான். "நீங்களே அனுப்பி வையுங்க அண்ணே, எப்ப வரட்டும்?" என்று நாள் கேளுங்கள். பொருளை விட்டுவிட்டு வருவதானால், பெற்றுக்கொண்டதாக ரசீதின் பின்பக்கம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அன்றைக்கே கடை எண்ணுக்கு ஒரு வாட்ஸ்அப்: "இன்று பிளெண்டரைக் கொடுத்தேன், அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னீர்கள். நன்றி." அந்தச் செய்திதான் பிற்பாடு உங்கள் ஆதாரம். ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள். காலம் கடந்தால் பொருளையே வேண்டாமென்று திருப்பித் தரும் உரிமை போய்விடும்.

போன தடவை சத்தம் போட்டது உறுத்தினால், "அன்னிக்குக் கோபத்துல பேசிட்டேன்" என்று அந்தக் கல்லாப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். சின்ன டவுன், நாளைக்கும் அதே கடைக்குத்தான் சீனி வாங்கப் போகப்போகிறீர்கள்.

சொன்ன நாளும் கடந்து, கேட்டும் மழுப்பினால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. 50,000 வெள்ளி வரைக்கும் அங்கே கோரலாம். இதைக் கடையில் மிரட்டலாகச் சொல்லாதீர்கள். ஒரு தடவை, மெதுவாக: "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலன்னா திரிபுனல்ல எழுதிக் கொடுக்கப்போறேன் அண்ணே." சொன்னால், அந்த நாள் கடந்ததும் உண்மையிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு மனமில்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.