அறுகோணப் பளிங்கில் ஆறு அணுக்களா, இரண்டா?

"சேர், முகமையக் கனத்துக்கு 4, உடல்மையக் கனத்துக்கு 2 என்று அணுக்களை எண்ணிவிடுகிறேன். அறுகோண நெருக்கப் பொதிவில்தான் குழம்புகிறேன். ஒரு குறிப்பில் 6 என்றும் இன்னொன்றில் 2 என்றும் இருக்கிறது. 6 போட்டுக் கணித்தால் பொதிவுக் காரணி 2.22 வருகிறது. எங்கே பிழை?"
– முதலாம் வருட மாணவன், சம்மாந்துறை

இரண்டு குறிப்பும் சரி தம்பி. பிழை எங்கே என்பதை அந்த 2.22 தானே காட்டிக்கொடுக்கிறது. அதை மூன்றால் வகுத்துப் பாருங்கள், 0.74 வரும். பெரிய கலத்தின் அணுக்களை எண்ணிவிட்டு, சிறிய கலத்தின் கனவளவால் வகுத்திருக்கிறீர்கள். கலத்தின் இடத்தில் அணுக்கள் அடைத்திருக்கும் பங்குதான் பொதிவுக் காரணி. அது 1 ஐத் தாண்டினால் மேற்கொண்டு போகாமல் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

பெரிய கலம் என்பது அறுகோண அரியம். அதை நிலைக்குத்தாகப் பிளந்தால் சாய்சதுர அடியுள்ள மூன்று அரியங்கள் கிடைக்கும். அதில் ஒன்றுதான் சிறிய கலம். எந்தக் கலத்தை எடுத்தீர்களோ, எண்ணிக்கையும் கனவளவும் அதற்கே உரியவையாக இருக்க வேண்டும்.

பெரியதை எண்ணுவோம். அறுகோணத்தின் உட்கோணம் 120 பாகை. ஆகவே ஓர் உச்சியில் பக்கம் பக்கமாக மூன்று அரியங்களும், அவற்றுக்கு மேலோ கீழோ இன்னும் மூன்றும் சந்திக்கின்றன. உச்சி அணுவில் ஆறிலொரு பங்குதான் நமக்கு. 12 உச்சிகளால் 2, இரண்டு முகமையங்களால் 1, நடு அடுக்கில் 3, மொத்தம் 6. நடு அடுக்குக் கோளங்களை மாதிரியுருவில் கூர்ந்து பார்த்தால் அவை பக்கச் சுவரைத் தாண்டிப் பிதுங்குவது தெரியும். பிறகு எப்படி முழுசாக 3? ஒரு சுவரில் வெளியே போகும் துண்டுக்கு ஈடாக, எதிர்ச் சுவரில் அடுத்த அரியத்தின் கோளம் அதே அளவு உள்ளே வருகிறது.

சிறிய கலத்தில் 8 உச்சிகள். எல்லோரும் 8 × 1/8 = 1 என்று எழுதுகிறார்கள். விடை சரி, காரணம் தவறு. எட்டிலொன்று கனத்தின் கணக்கு. இங்கே 60 பாகை உச்சிகள் நான்கும் தலா 1/12, 120 பாகை உச்சிகள் நான்கும் தலா 1/6 தருகின்றன. கூட்டினால் 1. உள்ளே இருக்கும் ஓர் அணுவைச் சேர்த்தால் 2.

இனிக் கனவளவு. அடித்தளத்தில் கோளங்கள் தொடுவதால் a = 2r. உயரம் c = 1.633a, அதாவது 3.27r. அறுகோண அடியின் பரப்பளவு 10.39r². பெருக்கினால் 33.9r³. ஒரு கோளம் 4.19r³, ஆறும் 25.1r³. விகிதம் 0.74. சிறிய கலத்தில் 8.38 ஐ 11.3 ஆல் வகுத்தாலும் அதே 0.74.

முகமையக் கனத்திலும் இதே எண் வருவது தற்செயலல்ல. கல்முனைச் சந்தையில் தோடம்பழம் அடுக்குவதைப் பாருங்கள். இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கின் பள்ளங்களில் அமரும். மூன்றாவதை முதல் அடுக்குக்கு நேர்மேலே வைத்தால் அறுகோணம்; எஞ்சிய பள்ளங்களுக்கு நேராக வைத்தால் முகமையக் கனம். எப்படி வைத்தாலும் இறுக்கம் ஒன்றுதான்.

கனங்களில் எண்ணிக்கை உங்களுக்குச் சிக்கலில்லை. கோளங்கள் எந்தக் கோட்டில் தொடுகின்றன என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முகமையத்தில் முகத்தின் மூலைவிட்டம் 4r, உடல்மையத்தில் உடலின் மூலைவிட்டம் 4r. எனவே உடல்மையத்தில் a = 4r/√3, கனவளவு 12.3r³, காரணி 0.68. விளிம்பில் தொடுவதாக எண்ணினால் 1.05 வந்து பிழை தானே வெளிப்படும். முகமூலைவிட்டத்தை எடுத்தால் வரும் 0.37 தான் ஆபத்து. 1 க்குக் குறைவாக இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. அந்த நீளத்தில் உச்சிக்கும் மையத்துக்கும் உள்ள தூரத்தைக் கணியுங்கள். 2.45r வரும், தொட 2r வேண்டும். எந்த இரண்டு கோளமும் தொடாத கலம் அது.

இன்னொன்று. 1.633 என்பது கடினக் கோளங்களுக்கான இலட்சிய விகிதம். மகனீசியத்துக்கு c/a 1.624, ஏறக்குறையப் பொருந்துகிறது. கூரைத் தகட்டில் பூசும் நாகத்துக்கோ 1.856; அடுக்குகள் விலகி நிற்பதால் a = 2r எனக் கொண்டால் காரணி 0.65 க்கு இறங்கிவிடும். வினாவில் a, c இரண்டையும் தந்திருந்தால் 1.633 ஐத் தொடாமல், தந்த உயரத்தை வைத்தே கனவளவைக் கணியுங்கள்.