ஒரு பத்தியை வைத்தே குழந்தையின் வாசிப்பை அளப்பது

"இரண்டாம் வகுப்புப் பிள்ளை சரளமாக வாசிக்கிறாளா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?"

அவள் இதுவரை பார்க்காத, 60 சொல் உள்ள சிறு கதைப் பத்தியை எடுங்கள். அதன் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். அவள் வாசிக்க வாசிக்க, சரியான சொல்லுக்கு மேல் டிக், தவறினால் அவள் சொன்னதை அப்படியே எழுதுங்கள், விட்ட சொல்லுக்கு ஒரு கோடு. திணறினால் மூன்று விநாடி பொறுத்து நீங்களே சொல்லிவிடுங்கள், அதுவும் பிழைதான். நடுவில் திருத்த வேண்டாம்.

'வந்தாள்' என்பதை 'வந்தான்' என்று வாசித்துவிட்டு, "இல்ல, வந்தாள்" என்று தானே மாற்றினால் அது பிழையில்லை, பொருளைக் கவனித்துத்தான் வாசிக்கிறாள். அதேபோல, பேசும்போதும் 'பழம்' என்பதை 'பளம்' என்றே சொல்லும் பிள்ளைக்கு அதைப் பிழையாக எண்ணாதீர்கள், அது உச்சரிப்பு.

சரி, 80 விநாடியில் 4 பிழையோடு முடித்தாள் என்றால் சரியானவை 56, அதாவது சுமார் 93 சதவீதம். 90க்குக் கீழே போனால் பத்தி கடினம், 95க்கு மேல் அவளே தனியாக வாசிக்கலாம். வேகம் நிமிடத்துக்கு 42 சரியான சொல். இதை ஆங்கில அட்டவணைகளோடு ஒப்பிடாதீர்கள், 'வீட்டிலிருந்து' என்ற ஒரே சொல் ஆங்கிலத்தில் இரண்டு மூன்றாகிவிடும். போன மாத அவளோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அப்புறம் தொனி. சொல் சொல்லாக வெட்டுகிறாளா, 'மரத்தின் மேல்' என்று சேர்த்துச் சொல்கிறாளா, கேள்விக்குறியில் குரல் மாறுகிறதா என்று ஓரத்தில் ஒரு வரி குறியுங்கள். வேகம் இருந்தும் நிறுத்தற்குறிகளைத் தாண்டி ஓடினால், கதையைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். பல சமயம் பாதிகூட வராது.