வெயில் வேலைக்கு எந்த கட்டிங்? கழுத்தில் கத்தி மட்டும் வேண்டாம்

கேள்வி: "வேலூர் பக்கம் ரோடு போடும் வேலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். காலை 7 மணியிலிருந்து ஹெல்மெட்டோடு வெயிலில்தான். தலை தொப்பலாக நனைந்துவிடுகிறது. பின்கழுத்தில் பொரிப்பொரியாக வருகிறது. போன மாதம் ஜீரோ அடித்தேன், எரிச்சல்தான் கூடியது. சலூனில் ஃபேட் கட்டிங்கும் கூடவே ஏதோ ஸ்கால்ப் ட்ரீட்மென்ட்டும் செய்யச் சொல்கிறார்கள். பேசாமல் மொட்டை போட்டுவிடலாமா? என்ன கட்டிங் கேட்பது?"

மொட்டை வேண்டாம், ஜீரோவும் வேண்டாம். மேலே 12 மில்லிமீட்டர், பக்கத்திலும் பின்னாலும் 6 மில்லிமீட்டர். கழுத்து ஓரத்தை மிஷினிலேயே எடுக்கச் சொல்லுங்கள், கத்தி படக் கூடாது. கடையில் பேசும் பாஷையில் சொன்னால், "மேல நாலு, சைடு ரெண்டு, பின்னாடி கத்தி வேண்டாம்."

இப்படிச் சொல்லியும் பலருக்குத் தப்பான கட்டிங் விழுகிறது. காரணம் அந்த நம்பர்தான். சலூனில் இருக்கும் பெரிய மிஷினில் மாட்டும் சீப்பில் 1 என்றால் சுமார் 3 மில்லிமீட்டர். ஒவ்வொரு நம்பருக்கும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கூடும். அதனால்தான் நாலு என்றால் 12. ஆனால் இப்போது பல கடைகளில் சார்ஜ் போடும் சின்ன டிரிம்மரையே வைத்துத் தலை முழுக்க வெட்டிவிடுகிறார்கள். அதன் சீப்பில் 4 என்று போட்டிருந்தால் வெறும் 4 மில்லிமீட்டர்தான். நீங்கள் நாலு என்பீர்கள், அவரும் நாலுதான் மாட்டுவார், தலை கிட்டத்தட்ட ஜீரோவாகிவிடும். ஆகவே மில்லிமீட்டரிலேயே சொல்லுங்கள். முதல் இழுப்பை முன்நெற்றியில் ஆரம்பிக்க விடாமல் பின்மண்டையில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அங்கே இரண்டு விரலுக்கு நடுவே முடியைப் பிடித்துப் பாருங்கள். 12 இருந்தால் கொஞ்சமாவது பிடிபடும். வழுக்கிக்கொண்டு போனால் சீப்பு தப்பு, உடனே நிறுத்திவிடலாம்.

வெயிலில் நிற்கிறவனுக்கு முடி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு குளிர்ச்சி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. முடி நீளமாக இருந்தால் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், தோல் காயாது. அந்தப் பாதி உண்மை. ஆனால் முடியே இல்லாவிட்டால் வெயில் நேராகத் தோலில் இறங்கும். மனிதத் தலை போன்ற பொம்மையைச் சூடுபடுத்தி, விளக்கொளியில் முடியோடும் முடியில்லாமலும் அளந்து பார்த்து 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முடியில்லாத தலைக்குத்தான் வெயிலின் சூடு அதிகம் ஏறியது. சுருட்டை முடி இருந்தபோது எல்லாவற்றையும்விடக் குறைவாக ஏறியது. உங்களுக்கு ஹெல்மெட் இருக்கிறது, அதனால் உச்சந்தலையில் நேர் வெயில் படாதே என்று கேட்கலாம். டீ குடிக்கவும் சாப்பிடவும் கழற்றுவீர்கள் அல்லவா? அதோடு ஹெல்மெட்டுக்குள் வேறொரு வேலையும் முடிக்கு இருக்கிறது. உள்பட்டை நேராகத் தோலில் உரசாமல் நடுவில் ஒரு மெத்தையாக நிற்பது. ஜீரோ அடித்தபோது எரிந்தது ஏன் என்றால், மெத்தை போய்விட்டது. உப்பு வியர்வை ஊறிய பட்டை காலையிலிருந்து மாலைவரை தோலையே தேய்த்திருக்கிறது. புதிதாக வெட்டிய முடியின் கூர்முனை அந்தப் பட்டையில் சிக்கி இழுத்திருக்கும்.

முன்நெற்றி முடி மட்டும் புருவத்தின் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈர முடி நெற்றியில் ஒட்டினால் வியர்வை அதைப் பிடித்துக்கொண்டே கண்ணில் இறங்கும்.

உங்கள் உண்மையான தொந்தரவு பின்கழுத்துதான். அங்கே ஹெல்மெட் மூடுவதில்லை, சட்டைக் காலர் உரசுகிறது, தலையிலிருந்து வரும் வியர்வையெல்லாம் அங்கேதான் வடிகிறது. அந்த இடத்தில் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கட்டிங் முடிந்ததும் தண்ணீர் தொட்டு, கத்தியால் நேர்கோடு போட்டு, அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் மழமழவென்று வழித்துவிடுகிறார்கள். சிலர் கோட்டை இன்னும் மேலே ஏற்றுவார்கள். அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்தால் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்த தோல் தெரியும். அதுவரை வெயிலே பார்க்காத தோல் அது. கத்தியால் மேல்தோல் சுரண்டப்பட்ட அதே இடம் மறுநாள் காலை வேலூர் வெயிலில் நிற்கிறது. அதோடு முடிகிற விஷயமும் இல்லை. தோலோடு ஒட்ட வழித்த முடி, குறிப்பாகக் கொஞ்சம் சுருட்டை உள்ளவர்களுக்கு, வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். நீங்கள் சொல்லும் பொரிப்பொரி பெரும்பாலும் இப்படி வருவதுதான்.

அதனால் கழுத்தில் கோடே வேண்டாம். முடி இயல்பாக முடியும் இடத்திலேயே முடியட்டும். 6 மில்லிமீட்டரிலிருந்து கீழே வர வர 3 மில்லிமீட்டருக்கு இறக்கி, அதற்கும் கீழே அங்கங்கே தெரியும் முடியைச் சீப்பும் கத்தரியும் வைத்துத் தட்டிவிட்டால் போதும். பொரி இருக்கும் இடத்தில் சீப்பு மாட்டாத வெறும் பிளேடை ஓட்ட விடாதீர்கள். பொரி அடங்கும்வரை அந்த இடத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். கொஞ்சம் ஒழுங்கில்லாமல்தான் தெரியும், காலர் மறைத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கத்தி போட்டதும் படிகாரக் கட்டியை எடுத்துத் தேய்ப்பார்கள். காலையிலிருந்து எத்தனை பேர் கழுத்தில், எத்தனை வெட்டுக்காயத்தில் தேய்த்த அதே கட்டி! பிளேடை மட்டும் புதிதாக உடைத்துப் போடச் சொல்லி வற்புறுத்துகிறவர்கள் இந்தக் கட்டியைக் கவனிப்பதே இல்லை. ரத்தத்தில் பரவும் மஞ்சள் காமாலைக்குப் பயந்துதான் பிளேடு மாற்றுகிறோம். ரத்தம் பட்ட கட்டிக்கு மட்டும் என்ன விலக்கு? வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சலூன் வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, கலரிங்கும் ஸ்ட்ரெய்ட்டனிங்கும் சொல்லிக் கொடுத்து, சான்றிதழும் கொடுக்கிறார்கள். மிஷின் பிளேடை ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவே எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டால் அதே பிள்ளைகள் முழிக்கிறார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவன் என்பதால் எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

ஃபேட் உங்களுக்கு ஆகாது. காதுக்கு மேலே தோல் தெரியும்வரை இறக்குவதுதான் அந்த கட்டிங். அங்கேதான் ஹெல்மெட் பட்டையும் நாடாவும் உரசும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அதனால் இரண்டு வாரத்தில் ஃபேட்டின் அழகு போய்விடும், மறுபடி கடைக்குப் போக வேண்டும். கடைக்கு அது லாபம்.

ஸ்கால்ப் ட்ரீட்மென்ட் என்பதும் அப்படித்தான். பெரிய கடைகள் பலவற்றில் கட்டிங் செய்யும் பையனுக்கு இந்தமாதிரி கூடுதல் சேவை விற்றால்தான் கமிஷன். மாதக் கணக்கு காட்டாவிட்டால் திட்டு விழும். தலையைத் தொட்டவுடனே "பொடுகு இருக்கு சார், வேர்க்கால் அடைச்சிருக்கு சார்" என்று ஆரம்பிப்பது அதனால்தான். அந்தப் பையனைக் கோபித்துப் பயனில்லை. வேலை முடிந்து வந்ததும் தலையை நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிட்டு, ஒன்று விட்டு ஒரு நாள் சாதாரண ஷாம்பு போட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வைப்பீர்களானால் இரவில் வைத்துக் காலையில் குளித்துவிடுங்கள். எண்ணெயோடு ஹெல்மெட் போட்டால் ரோட்டுப் புழுதி முழுக்கத் தலையில் ஒட்டும்.

இதைவிடப் பெரிய பொறி மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. பொரி வந்ததும் அங்கே காட்டினால் மூன்று நான்கு மருந்து கலந்த க்ரீம் ஒன்றைக் கொடுப்பார்கள். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், ஏனென்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கும். இருப்பது படர்தாமரையாக இருந்தால் மேலே அடங்கியதுபோல் காட்டி அகலமாகப் பரவும். தடவிக்கொண்டே இருந்தால் தோல் மெலிந்துபோகும். வீரியமான ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு விதியைத் திருத்தியது. கடைகளில் இன்னும் கேட்டால் கிடைக்கிறது, கேட்காமலும் கிடைக்கிறது. யார் போய்ப் பார்க்கிறார்கள்? பொரி கெட்டியாகிக் கட்டிகட்டியாகத் திரண்டால், சீழ் வைத்தால், அல்லது மூன்று வாரம் கத்தி படாமல் விட்டும் குறையாவிட்டால் நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

மொட்டை வேண்டாம் என்றேன். நேர்த்திக்கடன் இருந்தால் அது வேறு. பழனிக்கோ திருப்பதிக்கோ சித்திரை வைகாசியில் முடி கொடுப்பதாக வேண்டியிருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் நான் குறுக்கே நிற்க முடியாது. அதற்குச் சில காரியங்கள். புது பிளேடை உங்கள் கண்முன் பிரித்து மாட்டச் சொல்லுங்கள். முடி இறக்கியதும் தடவும் சந்தனம் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் அது வெயிலைத் தடுக்காது. காய்ந்து வெடித்ததும் வெயில் தோலில்தான் படும். கோயிலை விட்டு வரும்போதே தலையில் துண்டு இருக்கட்டும். வேலைக்குப் போகும் முதல் இரண்டு வாரமும் ஹெல்மெட்டுக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டுங்கள். மதியம் ஒன்றை மாற்றிக்கொள்ள இரண்டு துணி வேண்டும். ஹெல்மெட் பட்டையை ஒரு பல் தளர்த்தி, துணி கட்டிய பிறகு மறுபடி சரியாக இறுக்குங்கள். தளர்ந்த ஹெல்மெட் தலையில் நிற்காது. இரண்டு வாரத்தில் முடி ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் வந்துவிடும், அப்போது துணியை விட்டுவிடலாம். முடி சமமாக வரட்டும் என்று யாராவது இரண்டாம் முறை வழிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். மிஷின் கட்டிங்கை 12 மில்லிமீட்டர் தாண்டியபிறகு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக அந்த ஹெல்மெட். சைட்டில் கான்ட்ராக்டர் பத்து ஹெல்மெட்டை ஒரு மூட்டையில் போட்டுவைத்து, எதிரில் அகப்பட்டதை மாட்டு என்பார். நேற்று யாரோ வியர்த்த பட்டை இன்று உங்கள் தலையில். என்ன கட்டிங் செய்தாலும் இது இருக்கும்வரை நெற்றியில் தொந்தரவு போகாது. நீங்கள் சூப்பர்வைசர், கேட்கும் இடத்தில் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஒன்று என்று பெயர் எழுதி வாங்குங்கள். உள்பட்டை கழற்றக்கூடிய வகையாக இருந்தால் சனிக்கிழமை கழற்றிச் சோப்புப் போட்டு அலசி நிழலில் காயவையுங்கள். கட்டிங்கை மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, மறுநாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்துச் செய்துகொள்ளுங்கள். புதிதாக வெட்டிய தலைக்கு அந்த ஒரு நாள் ஹெல்மெட் இல்லாமல் கிடைக்கும்.